பல நியமனக் கடிதங்கள், ஒரே அட்டவணை: கையொப்பமிட முன் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

இப்பாடத்தின் நோக்கம்

இடம்பெயர்ந்திருந்து மீண்டும் அக்குறணைக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் வந்த குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் வேலை தேடுவார்கள். அப்போது வீட்டுக்குப் பல நியமனக் கடிதங்கள் வந்து சேரும். ஒன்று அக்குறணைக் கடையிலிருந்து வரும், இன்னொன்று கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையிலிருந்து வரும், வேறொன்று கண்டி நகர நிறுவனமொன்றிலிருந்து வரும். ஒன்று ஒரு பக்கமாக இருக்கும், மற்றது ஏழு பக்கமாக இருக்கும். ஒன்று சிங்களத்திலும் மற்றது ஆங்கிலத்திலும் இருக்கும்.

சம்பளம் எவ்வளவு என்பது எல்லாக் கடிதங்களிலும் முதற்பக்கத்திலேயே தெரியும். வேலையை எப்படி நிறுத்தலாம் என்பது உள்ளே பல இடங்களில் பிரிந்து கிடக்கும். வீடு திருத்தக் கடன் எடுத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டாவது விடயம் சம்பளத்தைப் போலவே முக்கியமானது. இப்பாடத்தில் மூன்று விடயங்களை எல்லாக் கடிதங்களிலிருந்தும் எடுத்து ஒரே தாளில் எழுதப் பழகுவோம். அவை தகுதிகாண் காலம், முன்னறிவித்தல் காலம், வேலையை முடிவுறுத்தும் நிபந்தனைகள் என்பனவாகும்.

தேவையானவை

எல்லாக் கடிதங்களினதும் போட்டோ கொப்பி, ஒரு பெரிய தாள், அடிமட்டம், பென்சில். மூலக் கடிதத்தில் எதையும் எழுத வேண்டாம். கொப்பியில் மாத்திரம் கோடிடுங்கள். ஒவ்வொரு கொப்பியின் மேற்புறத்திலும் அ, ஆ, இ, ஈ என ஓர் எழுத்தை இடுங்கள். கடிதத்தில் பந்தி இலக்கங்கள் இல்லாவிட்டால் நீங்களே 1, 2, 3 என இலக்கமிடுங்கள். பின்னர் எந்தப் பெட்டியிலும் சந்தேகம் வந்தால் அந்த இலக்கத்தைப் பார்த்து உடனே திரும்பிச் செல்லலாம்.

முதலாம் படி: சொற்களை அடையாளம் காணுங்கள்

ஒரே விடயத்துக்கு ஒவ்வொரு கடிதமும் ஒவ்வொரு சொல்லைப் பாவிக்கும். தகுதிகாண் காலம் ஆங்கிலக் கடிதத்தில் ‘ப்ரொபேஷன்’ என்றும் சிங்களக் கடிதத்தில் ‘பரிவாச காலய’ என்றும் இருக்கும். சில கடைக்காரர் ‘பயிற்சிக் காலம்’ என்று மட்டும் எழுதுவார்கள். முன்னறிவித்தல் என்பது ‘நோட்டிஸ்’ அல்லது ‘தெனும்தீம’. வேலையை முடிவுறுத்துவது ‘டெர்மினேஷன்’ அல்லது ‘சேவய அவசன் கிரீம’. நீங்களாக விலகுவது ‘ரிசைக்னேஷன்’ அல்லது ‘இல்லா அஸ்வீம’. மொழி தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு இச்சொற்கள் வரும் இடமெல்லாம் கோடிடுங்கள்.

தலைப்பை மட்டும் பார்த்துத் தேடினால் பாதி தவறிவிடும். தகுதிகாண் காலத்தில் வேலையை நிறுத்துவது பற்றிய வசனம் பெரும்பாலும் தகுதிகாண் பந்தியின் கடைசி வரியிலேயே இருக்கும். நிரந்தரமான பின் நிறுத்துவது பற்றிய வசனம் கடிதத்தின் இறுதியில் வரும். வேலைக்கு வராதிருந்தால் என்ன நடக்கும் என்பது விடுமுறைப் பந்தியில் இருக்கும். ஆகையால் கடிதத்தை ஒரு தடவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கத்தான் வேண்டும்.

இரண்டாம் படி: கேள்விகளைப் பிரித்து எழுதுங்கள்

‘முன்னறிவித்தல் எவ்வளவு?’ என்று ஒரு பெட்டி மாத்திரம் போட்டால் அட்டவணை பிழைத்துவிடும். ஏனெனில் அது உண்மையில் நான்கு கேள்விகள். தகுதிகாண் காலத்தில் தொழில்தருநர் உங்களை நிறுத்தினால் எத்தனை நாள் தர வேண்டும்? அதே காலத்தில் நீங்கள் விலகினால் எத்தனை நாள்? நிரந்தரமான பின் அவர் நிறுத்தினால் எத்தனை நாள்? நிரந்தரமான பின் நீங்கள் விலகினால் எத்தனை நாள்? ‘இரு தரப்பினரும்’ என்று எழுதியிருந்தால் இரண்டு பெட்டியிலும் ஒரே விடை வரும். ‘ஊழியர் வழங்க வேண்டும்’ என்று மட்டும் இருந்தால் அடுத்த பெட்டிக்கு விடை இல்லை.

தகுதிகாண் காலத்துக்கும் இரண்டு பெட்டிகள் தேவை. ஒன்று எவ்வளவு காலம் என்பதற்கு, மற்றது நீடிக்கலாமா, எது வரை என்பதற்கு. ‘எழுத்தில் உறுதிப்படுத்தும் வரை தகுதிகாண் காலம் தொடரும்’ என்ற வசனம் இருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். அப்படியிருந்தால் ஆறு மாதம் முடிந்தவுடன் நீங்கள் தானாக நிரந்தரமாவதில்லை.

மூன்றாம் படி: உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

பெட்டிக்குள் முதலில் கடிதத்தின் சொல்லையே எழுதி, பக்கத்தில் பந்தி இலக்கத்தை இடுங்கள். ஒப்பிடுவதற்காக நாட்களாக மாற்றுவதென்றால் அதைக் கீழே பென்சிலால் எழுதுங்கள். ‘ஒரு மாதம்’, ‘30 நாள்’, ‘நான்கு வாரம்’ மூன்றும் ஒன்றல்ல. நான்கு வாரம் என்றால் 28 நாள்தான். ‘14 வேலை நாள்’ என்றால், வாரத்துக்கு ஐந்தரை நாள் வேலை செய்யும் இடத்தில் இரண்டு வாரத்தை விடக் கூடிவிடும்.

விடை கிடைக்காத பெட்டியை வெறுமையாக விடாதீர்கள். முழுக் கடிதத்தையும் வாசித்தும் இல்லையென்றால் ‘எழுதப்படவில்லை’ என்று போடுங்கள். கடிதம் வேறொரு பத்திரத்தைச் சுட்டினால், உதாரணமாக ‘நிறுவன விதிகளின்படி’ என்றிருந்தால், ‘விதிநூல் பார்க்க வேண்டும்’ என்று போடுங்கள். இரண்டும் வெவ்வேறு நிலைமைகள். முதலாவதில் கேட்டு எழுதுவிக்க வேண்டும். இரண்டாவதில் ஏற்கனவே எழுதப்பட்ட ஒன்று இருக்கிறது, நீங்கள்தான் இன்னும் பார்க்கவில்லை.

செய்து பார்த்த உதாரணம்

கீழே வரும் குடும்பமும் நான்கு கடிதங்களும் இப்பாடத்துக்காக அமைக்கப்பட்டவை. வசனங்கள் நியமனக் கடிதங்களில் வழமையாக வரும் வகையைச் சேர்ந்தவை.

அக்குறணைக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தில் வாப்பா, மகன், மகள் மூவரும் வேலை தேடினார்கள். மகனுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. அ என்பது அக்குறணை நகரத் துணிக்கடை, மாதம் 35,000 ரூபா. இ என்பது கண்டியிலுள்ள ஒரு நிறுவனத்தில் அலுவலக வேலை, மாதம் 42,000 ரூபா. மகளுக்கு ஆ, ஆடைத் தொழிற்சாலை. வாப்பாவுக்கு ஈ, ஒரு களஞ்சியத்தில் லொறிச் சாரதி வேலை, ஒரு வருட ஒப்பந்தம். வீடு திருத்த எடுத்த கடனுக்கு மாதத் தவணை 12,000 ரூபா.

இ கடிதத்தை அவர்கள் வாசித்த விதத்தைப் பாருங்கள். மூன்றாம் பந்தியில் தகுதிகாண் காலம் ஒரு வருடம் என்றும், அக்காலத்தில் இரு தரப்பினரும் 24 மணி நேர முன்னறிவித்தலில் நிறுத்தலாம் என்றும் இருந்தது. ஒன்பதாம் பந்தியின் தலைப்பு ‘பயிற்சி’. அதன் இறுதியில், இரண்டு வருடத்துக்கு முன் விலகினால் பயிற்சிச் செலவாக 75,000 ரூபா திருப்பிச் செலுத்த வேண்டும் என்றிருந்தது. பதினான்காம் பந்தியில், நிரந்தரமான பின் நிறுவனம் ஒரு மாத முன்னறிவித்தல் அல்லது அதற்குப் பதிலான சம்பளம் வழங்கி நிறுத்தலாம் என்றிருந்தது. பதினைந்தாம் பந்தியில் ஊழியர் விலகுவதென்றால் மூன்று மாத முன்னறிவித்தல் அல்லது அதற்கான சம்பளம் என்றிருந்தது. பதினேழாம் பந்தி ‘நிறுவன விதிகளில் கூறப்பட்ட ஏனைய காரணங்கள்’ என்றது. ‘முன்னறிவித்தல்’ என்ற தலைப்பின் கீழ் மட்டும் பார்த்திருந்தால் ‘ஒரு மாதம்’ என்ற விடையோடு நின்றிருப்பார்கள்.

நான்கு கடிதங்களையும் எழுதி முடித்தபோது அட்டவணை இப்படி அமைந்தது. அடைப்புக்குள் இருப்பது பந்தி இலக்கம்.

| கேள்வி | அ: துணிக்கடை | ஆ: ஆடைத் தொழிற்சாலை | இ: கண்டி நிறுவனம் | ஈ: களஞ்சியம் |
|---|---|---|---|---|
| ஊழியர் தொகை (கேட்டறிந்தது) | 6 | 200க்கு மேல் | 40 அளவில் | 25 |
| தகுதிகாண் காலம் | 3 மாதம் (2) | 6 மாதம் (4) | 1 வருடம் (3) | இல்லை; ஒப்பந்தமே 1 வருடம் (1) |
| நீடிப்பு | நீடிக்கலாம், எல்லை எழுதப்படவில்லை (2) | எழுத்தில் உறுதிப்படுத்தும் வரை தொடரும் (4) | எழுதப்படவில்லை | புதுப்பிப்பது தொழில்தருநர் விருப்பம் (8) |
| தகுதிகாணில் அவர்கள் நிறுத்தினால் | ‘எந்நேரமும்’ (5) | 7 நாள் (4) | 24 மணி (3) | 14 நாள் (6) |
| தகுதிகாணில் நாம் விலகினால் | 1 மாதம் (6) | 7 நாள் (4) | 24 மணி (3) | 14 நாள் (6) |
| நிரந்தரமான பின் அவர்கள் நிறுத்தினால் | எழுதப்படவில்லை | 1 மாதம் அல்லது சம்பளம் (12) | 1 மாதம் அல்லது சம்பளம் (14) | பொருந்தாது |
| நிரந்தரமான பின் நாம் விலகினால் | 1 மாதம் (6) | 1 மாதம் அல்லது சம்பளம் (12) | 3 மாதம் அல்லது சம்பளம் (15) | பொருந்தாது |
| முன்னறிவித்தல் இன்றி நிறுத்தும் காரணம் | ‘திருப்தியின்மை’ (5) | ஒழுக்கமீறல். 3 நாள் அறிவிக்காமல் வராமை (10, 13) | ஒழுக்கமீறல். விதிநூல் பார்க்க வேண்டும் (17) | ஒழுக்கமீறல். ‘நம்பிக்கை இழப்பு’ (7) |
| விலகும்போது வேறு கொடுப்பனவு | எழுதப்படவில்லை | எழுதப்படவில்லை | 2 வருடத்துக்கு முன் 75,000 ரூபா (9) | எழுதப்படவில்லை |

ஈ கடிதத்தில் தகுதிகாண் காலம் இல்லை. அதன் 14 நாள் ஒப்பந்த காலம் முழுவதற்கும் உரியது. ஒப்பிடுவதற்காகத்தான் அந்த வரிசைகளில் எழுதப்பட்டிருக்கிறது.

அட்டவணையை வாசிக்கும் முறை

முதலில் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனியாக வாசியுங்கள். இ கடிதத்தில் சம்பளம் அதிகம். ஆனால் மகன் நிரந்தரமாகி, இரண்டு வருடம் முடிய முன் உடனே விலக நேர்ந்தால் மூன்று மாதச் சம்பளம் 126,000 ரூபாவும் பயிற்சிச் செலவு 75,000 ரூபாவும் சேர்ந்து 201,000 ரூபா கேட்கப்படலாம். அ கடிதத்தில் அப்படியொரு சுமை இல்லை. அங்குள்ள குறை வேறு. கடைக்காரர் எந்நேரமும் நிறுத்தலாம், மகன் மாத்திரம் ஒரு மாதம் முன்னறிவிக்க வேண்டும்.

அடுத்து இடமிருந்து வலமாக, ஒரு வரிசையை முழுவதுமாக வாசியுங்கள். ‘தகுதிகாணில் அவர்கள் நிறுத்தினால்’ என்ற வரிசையில் உள்ள ஆகக் கூடிய விடை 14 நாள். அதாவது மகன் எந்த வேலையை எடுத்தாலும், முதல் சில மாதங்களில் வீட்டின் எந்த வருமானமும் இரண்டு வாரத்துக்கு மேல் உறுதியானதல்ல. தனித்தனிக் கடிதங்களைப் பார்த்தபோது இது தெரியவில்லை. ஆகையால் முதற் சம்பளங்களிலிருந்து இரண்டு தவணைப் பணம், 24,000 ரூபா, ஒதுக்கி வைப்பதென்று அந்த வீட்டில் முடிவெடுத்தார்கள்.

மூன்றாவதாக, ‘எழுதப்படவில்லை’, ‘விதிநூல் பார்க்க வேண்டும்’ என்ற பெட்டிகளைச் சுற்றி வட்டமிடுங்கள். இவைதான் கையொப்பமிட முன் கேட்க வேண்டிய கேள்விகள். ஒழுக்கமீறலுக்கு வேலையை நிறுத்துவது எல்லா இடத்திலும் உண்டு. ‘திருப்தியின்மை’, ‘நம்பிக்கை இழப்பு’ போன்ற சொற்கள் எதையும் வரையறுப்பதில்லை. அவற்றையும் வட்டத்துக்குள் சேர்த்து, எதனை அப்படிக் கருதுவீர்கள் என்று கேளுங்கள்.

கடிதத்துக்கு மேலே நிற்கும் சட்டம்

அட்டவணையின் முதல் வரிசையில் ஊழியர் தொகையை ஏன் எழுதினோம்? இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலையாட்களின் சேவை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, ஒழுக்காற்று நடவடிக்கையாக அல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். முன்னறிவித்தல் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது.

ஆனால் இச்சட்டம் எல்லாருக்கும் பொருந்தாது. முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேருக்குக் குறைவாக வேலை செய்த இடங்களுக்கு இது பொருந்தாது. வேலையில் சேர்ந்து 180 நாள் பூர்த்தியாகாதவருக்கும் பொருந்தாது. ஆகவே இ கடிதம் ஒரு வருடத் தகுதிகாண் என்று சொன்னாலும், 40 பேர் வேலை செய்யும் அந்த இடத்தில் 180 நாள் கடந்த ஊழியருக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோரலாம். ஆறு பேர் வேலை செய்யும் துணிக்கடையில் இப்பாதுகாப்பு இல்லை. அங்கே கடிதத்தில் எழுதப்படும் வசனமே கூடுதல் பெறுமதி உடையது. வட்டமிட்ட பெட்டிகளை நிரப்புவிக்க வேண்டிய முதல் கடிதம் அதுதான்.

அதற்கு மகனிடம் ஓர் ஆதாரமும் உண்டு. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ், வேலையில் சேரும்போது நியமன விபரங்களை எழுத்தில் கொடுப்பது தொழில்தருநரின் கடமை. தகுதிகாண் காலமும், அக்காலத்தில் எச்சந்தர்ப்பத்தில் வேலை முடிவுறுத்தப்படலாம் என்பதும் அவ்விபரங்களில் அடங்கும். ‘எந்நேரமும் என்றிருக்கிறது, எந்தக் காரணங்களுக்காக என்று எழுதித் தருவீர்களா நானா?’ என்று கடைக்காரரிடம் கேட்பது அளவு கடந்த கோரிக்கை அல்ல. இருவருக்கும் 14 நாள், நீடிப்பதென்றால் ஒரு தடவை மூன்று மாதம் மாத்திரம் என்ற இரண்டு வரிகளை எழுதிக் கேட்கலாம்.

வேலை நிறுத்தப்பட்ட பின் நியாயமில்லை என்று கருதினால் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். சிறிய கடை ஊழியருக்கும் இவ்வழி உண்டு. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, கடிதத்தில் மாறாக எழுதியிருந்தாலும் சபை நிவாரணம் வழங்கலாம். விண்ணப்பம் வேலை முடிவுற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்யப்பட வேண்டும். தகுதிகாண் காலத்தில் நிறுத்தப்பட்டவரின் நிலை சற்றுக் கடினமானது. தீய நோக்கம் இருந்ததாகக் காட்டினாலன்றி, வேலை திருப்தியா இல்லையா என்பதில் தொழில்தருநரின் மதிப்பீட்டையே பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். தகுதிகாண் காலம் எவ்வளவு நீளம் என்பது இதனால்தான் கவனிக்கப்பட வேண்டியது.

தகுதிகாண் காலம் என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதியத்தைப் பிற்போட முடியாது. முதல் மாதச் சம்பளத்திலிருந்தே ஊழியரின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். ஏதாவது கடிதம் ‘நிரந்தரமான பின்’ என்று சொன்னால் அட்டவணையின் அடியில் அதைக் குறித்து, தொழில் அலுவலகத்தில் கேளுங்கள்.

பிழை எங்கே வரும்?

எழுதி முடித்த அட்டவணையை, அதை எழுதாத ஒருவர் சரிபார்க்க வேண்டும். மகன் எழுதினால் மகள் பார்க்கட்டும். ஒவ்வொரு பெட்டியின் பந்தி இலக்கத்துக்கும் திரும்பிச் சென்று, அந்த வசனம் அங்கே இருக்கிறதா, யார் யாருக்குக் கொடுக்கும் முன்னறிவித்தல் என்பது சரியாக எழுதப்பட்டதா என்று பாருங்கள். அடிக்கடி நேரும் பிழை ‘அவர்கள்’, ‘நாம்’ என்ற இரண்டு வரிசைகளும் மாறிவிடுவதாகும். ஒரு கடிதத்தின் இரண்டு வரிசைகளும் ஒரே விடையாக இருந்தால், ‘இரு தரப்பினரும்’ என்ற சொல் கடிதத்தில் உண்மையாகவே இருக்கிறதா என்று தேடுங்கள்.

வாய்ச்சொல்லை அட்டவணையில் எழுத வேண்டாம். ‘அந்த வசனத்தைப் பார்க்காதீங்க, நாங்க அப்படிச் செய்யமாட்டோம்’ என்று முகாமையாளர் சொல்லலாம். அவர் நல்லவராகவே இருக்கலாம், அடுத்த வருடம் வேறொருவர் அந்த இடத்தில் இருப்பார். சொன்னதைத் திகதியிட்டுத் தனித்தாளில் குறித்து, கடிதத்தில் சேர்த்துத் தரும்படி கேளுங்கள். திருத்திய கடிதம் கைக்கு வந்த பின்னரே பெட்டியை மாற்றுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டிலுள்ள எல்லா நியமனக் கடிதங்களுக்கும் எழுத்திட்டு, மேலே உள்ள ஒன்பது வரிசைகளில் அட்டவணையை நிரப்புங்கள்.
2. தகுதிகாண் காலத்தில் தொழில்தருநர் தரும் முன்னறிவித்தலில் ஆகக் குறைந்தது எது? அந்த வருமானம் நின்றால் எந்தத் தவணை, எந்த வாடகை தடைப்படும்?
3. வட்டமிட்ட பெட்டிகளைக் கேள்விகளாக எழுதி, கையொப்பமிட முன் கேளுங்கள்.
4. வேலையில் சேர்ந்த திகதியையும் 180ஆவது நாளையும் அட்டவணையின் அடியில் எழுதுங்கள். ஈ போன்ற ஒப்பந்தமென்றால் முடிவுத் திகதியையும் எழுதி, ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் வரும் கடிதத்தை அதனுடன் சேர்த்து வையுங்கள்.

அட்டவணையும் கடிதக் கொப்பிகளும் ஒரே கோவையில் இருக்கட்டும். கண்டித் தொழில் அலுவலகத்துக்குச் செல்ல நேர்ந்தால் அந்தக் கோவையோடு செல்லுங்கள். அங்குள்ள உத்தியோகத்தர் கேட்கும் முதற் கேள்விகள் சேர்ந்த திகதி, ஊழியர் தொகை, எழுத்தில் என்ன தரப்பட்டது என்பவையாகவே பெரும்பாலும் இருக்கும். அவற்றுக்கான விடை உங்கள் கையிலேயே இருக்கும்.